சிலபஸ் ஸ்கிரீன்ஷாட்டை ஆறு வாரத் திட்டமாக மாற்றுவது: டிஸ்கிரீட் மேத்ஸ் தாளை வைத்து

"மூணாவது செமஸ்டர், சி.எஸ்.இ. கிளாஸ் குரூப்ல டிஸ்கிரீட் மேத்ஸ் சிலபஸ் ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு போட்டிருக்காங்க, என்கிட்ட அது மட்டும்தான் இருக்கு. எக்ஸாமுக்கு ஆறு வாரம். இந்த சப்ஜெக்ட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும், ஞாயிறு வேண்டாம். மூணாவது வாரம் ரெண்டாவது இன்டர்னல் வேற வருது. இந்தப் படத்தை வாரவாரியா ஒரு பிளானா எப்படி மாத்துறது? யூனிட்டுக்கு ஒரு வாரம்னு போட்டா போதுமா?"

யூனிட்டுக்கு ஒரு வாரம் என்று போட்டால், இந்தத் தாளில் இரண்டாவது வாரத்திலேயே திட்டம் உடைந்துவிடும். காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது, ஆனால் படமாகப் பார்க்கும்போது கண்ணில் படாது. அதனால் முதல் வேலை படத்தை எழுத்தாக்குவது.

நீங்கள் சொல்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் தாள், குறியீடு `MA3354` என்று எடுத்துக்கொள்கிறேன். படத்தின் மேல் ஓரத்தில் அந்தக் குறியீடும் அதற்கு எதிரே `3 1 0 4` என்ற எண்களும் தெரிகிறதா பாருங்கள். பலரும் அந்த வரியை வெட்டிவிட்டு யூனிட்டுகளை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்கள். குறியீடு இல்லாத சிலபஸ் எந்த ரெகுலேஷனுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தத் தாளில் அதனால் பெரிய ஆபத்தில்லை. 2017 ரெகுலேஷனின் `MA8351`-இல் இருப்பதும் ஏறக்குறைய இதே வரிகள்தான். ஆனால் வேறு பாடங்களுக்கு இதே முறையைப் பின்பற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது குறியீட்டைத்தான்.

கூகுள் லென்ஸில் படத்தைத் திறந்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். வாட்ஸ்ஆப் வழியாக நாலு கை மாறி வந்த படம் என்றால் எழுத்து மங்கியிருக்கும், இரண்டாவது யூனிட் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்து விழும்:

```
UNIT Il COMBINATORICS 943
Mathematical induction Strong induction and well
ordering - The basics of counting - The pigeonhole
principle - Permutations and combinations
```

இதில் மூன்று தவறுகள் இருக்கின்றன. ரோமன் இரண்டு, பெரிய ஐ-யும் சின்ன எல்-லுமாகிவிட்டது. `9+3` என்பது 943 ஆகிவிட்டது. இவை இரண்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் தொல்லை: முதல் இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் இருந்த கோடு காணாமல் போய், இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்த சிலபஸில் தலைப்புகளைப் பிரிப்பதே அந்தக் கோடுகள்தான். ஒரு கோடு போனால் திட்டத்தில் ஒரு தலைப்பே போய்விடும்.

இதைப் பிடிக்கச் சுலபமான வழி எண்ணிப் பார்ப்பதுதான். படத்தில் ஒரு யூனிட்டில் எத்தனை கோடுகள் இருக்கின்றனவோ, அதைவிட ஒன்று கூடுதலாகத் தலைப்புகள் இருக்க வேண்டும். இந்தத் தாளில் வரிசையாக 7, 9, 5, 8, 11 என்று மொத்தம் 40 தலைப்புகள் வர வேண்டும். அடுத்து யூனிட் தலைப்புக்கு எதிரே உள்ள எண்களைக் கூட்டுங்கள்: ஐந்து முறை 12, ஆக 60. படத்தின் அடியில் இருக்கும் மொத்தப் பீரியடும் 60. இரண்டும் பொருந்தினால் யூனிட் எதுவும் விடுபடவில்லை. ஆனால் ஒரு யூனிட்டின் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தால் இந்தக் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. பக்கம் மாறும் இடத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அது அடிக்கடி நடக்கும். என்னிடம் படிக்க வந்த ஒருவரின் படத்தில் நாலாவது யூனிட்டின் கடைசித் தலைப்பான ரிங், ஃபீல்டு வரையறைகள் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தன. அவர் அதைப் படிக்கவே இல்லை, தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்தது. ஒவ்வொரு யூனிட்டும் முற்றுப்புள்ளியில் முடிகிறதா என்று பாருங்கள். கோட்டிலோ பாதிச் சொல்லிலோ நின்றால் படம் வெட்டுப்பட்டிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு யூனிட்டையும் கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்துக்குள் ஒட்டுங்கள். கட்டத்தை இரண்டு முறை தட்டி உள்ளே போன பிறகு ஒட்டினால்தான் எல்லா வரியும் ஒரே கட்டத்தில் உட்காரும். இல்லாவிட்டால் நாலு வரியும் நாலு கட்டத்துக்குப் போய்விடும். உள்ளே வந்த வரி உடைப்புகளை அழித்து ஒரே வரியாக்குங்கள். பிறகு பக்கத்துக் கட்டத்தில் இது:

```
=ARRAYFORMULA(TRIM(TRANSPOSE(SPLIT(SUBSTITUTE(A1,"–","-"),"-"))))
```

அச்சில் சில இடத்தில் நீளக் கோடும் சில இடத்தில் குட்டைக் கோடும் கலந்து வருவதால், முதலில் எல்லாவற்றையும் குட்டைக் கோடாக்கிவிட்டுப் பிறகு பிரிக்கிறோம். தலைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். நடுவில் கோடுள்ள ஒரு சொல் இருந்தால் அதையும் வெட்டிவிடும் என்பதால், பிரித்ததைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இது பிடிக்காவிட்டால் ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள், 40 வரி எழுத இருபது நிமிடம்கூட ஆகாது. உண்மையைச் சொன்னால் நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, இப்போது அந்த 40 வரிகளைப் பாருங்கள். எல்லா யூனிட்டுக்கும் ஒரே 9+3 பீரியட். தேர்விலும் எல்லா யூனிட்டுக்கும் ஒரே எடை: பகுதி அ-வில் யூனிட்டுக்கு இரண்டு வீதம் இரண்டு மதிப்பெண் கேள்விகள், பகுதி ஆ-வில் யூனிட்டுக்கு ஒரு 16 மதிப்பெண் கேள்வி, ஆக யூனிட்டுக்கு 20. மற்ற பாடங்களில் 13, 15 என்று வருவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கணிதத் தாள்களில் 16 தான். இதையெல்லாம் பார்த்தால் யூனிட்டுக்கு ஒரு வாரம் என்பது நியாயமாகத்தான் தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், இந்த சிலபஸில் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் சொற்கள் பெரும்பாலும் பாடப்புத்தகத்தின் பிரிவுத் தலைப்புகள். சிலபஸின் அடியில் இருக்கும் ரோசன் புத்தகத்தை (நூலகத்தில் கட்டாயம் இருக்கும்) ஏழாம் பதிப்பில் எடுத்துப் பாருங்கள். முதல் யூனிட்டின் ஏழு தலைப்புகளும் முதல் அத்தியாயத்தின் பிரிவுகள், 1.2 மட்டும் விடப்பட்டிருக்கிறது. மூன்றாவது யூனிட்டின் ஐந்தும் பத்தாம் அத்தியாயத்தில் 10.1 முதல் 10.5 வரை. ஆனால் இரண்டாவது யூனிட்டின் ஒன்பதும் மூன்று அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன: இன்டக்‌ஷன் ஐந்தில், எண்ணும் முறைகளும் பிஜன்ஹோலும் ஆறில், ரிகரன்ஸ் ரிலேஷன் முதல் இன்க்ளூஷன் எக்ஸ்க்ளூஷன் வரை எட்டில். மூன்று அத்தியாயம் என்றால் மூன்று வெவ்வேறு வகைக் கணக்குகள். அவற்றுக்கும் அதே 20 மதிப்பெண்தான், அதே 12 பீரியட்தான். வகுப்பிலும் இந்த யூனிட்தான் அவசரமாக முடிந்திருக்கும்.

நாலாவது, ஐந்தாவது யூனிட்டுகளை ரோசனில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். குரூப் தியரி அதில் பாடமாகவே இல்லை, லாட்டிஸ் ஒரு பிரிவின் ஓரத்தில் கொஞ்சம் வரும். அந்த இரண்டு யூனிட்டுகளும் டிரெம்ப்ளே, மனோகர் எழுதிய இன்னொரு பாடப்புத்தகத்தின் போக்கில் அமைந்தவை. உங்கள் படத்தில் புத்தகப் பட்டியல் வெட்டுப்பட்டிருந்தால் இது தெரியவே வாய்ப்பில்லை. குரூப்பில் யாரிடமாவது முழுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது யூனிட் இதற்கு நேர் எதிர். 11 தலைப்புகள் என்று பயமுறுத்தும். ஆனால் சப் லாட்டிஸ், டைரக்ட் புராடக்ட், சப் பூலியன் அல்ஜீப்ரா, பூலியன் ஹோமோமார்ஃபிசம் போன்றவை பெரும்பாலும் ஒரு வரையறையும் ஒரு எடுத்துக்காட்டுமாக முடிந்துவிடும். ஆக, கோடுகளை எண்ணி நேரம் ஒதுக்கினாலும் தப்பு, பீரியடைப் பார்த்து ஒதுக்கினாலும் தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது: அச்சில் இல்லாதது. போசெட் புரிய வேண்டுமானால் ரிஃப்ளெக்சிவ், ஆன்டிசிமெட்ரிக், டிரான்சிட்டிவ் என்ற மூன்று உறவுப் பண்புகள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ரிலேஷன் என்ற தலைப்பே இந்த சிலபஸில் கிடையாது. முதல் யூனிட்டிலும் அப்படி ஒன்று உண்டு. பழைய கேள்வித்தாள்களில் பி.சி.என்.எஃப், பி.டி.என்.எஃப் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு திரும்பத் திரும்ப வரும், சிலபஸிலோ அந்தப் பெயரே இருக்காது. புரொபசிஷனல் ஈக்விவலன்ஸ் என்ற வரிக்குள் அது ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டையும் பட்டியலில் நீங்களே ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒளிந்திருப்பவற்றை வெளியே கொண்டுவரப் பழைய கேள்வித்தாள்களை விட்டால் வழியில்லை. ஐந்து தாள் போதும். `MA8351` தாள்களும், அதற்கு முந்தைய `MA6566` தாள்களும் உங்களுக்கு உதவும். ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, இது என் பட்டியலில் எந்த வரி என்று பார்த்து, அந்த வரிக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். விடை தேட வேண்டாம், அது அப்புறம். ஒரு தாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். முடித்ததும் சில வரிகளுக்கு எதிரே நாலைந்து கோடுகள் இருக்கும், சிலவற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. எந்த வரியிலும் அடங்காத கேள்வி வந்தால், மேலே சொன்னது போல ஒளிந்திருக்கும் தலைப்பு என்று பொருள், புது வரி சேருங்கள்.

கோடே விழாத வரியை அடித்துவிடலாமா என்று கேட்பீர்கள். அடிக்க வேண்டாம், இரண்டு மதிப்பெண் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். 16 மதிப்பெண் கேள்வியில் (a) அல்லது (b) என்று தேர்வு உண்டு, அதனால் ஒரு யூனிட்டுக்குள் கொஞ்சம் விட்டுப் படிக்க இடமிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் பெரும்பாலும் எட்டு எட்டாக இரண்டு துண்டுகளாக வரும், இரண்டும் வெவ்வேறு தலைப்புகளிலிருந்து. பாதி யூனிட்டைப் படித்துவிட்டுப் போனால் (a)-வில் ஒன்று தெரியும், (b)-யில் ஒன்று தெரியும், எதை எழுதினாலும் எட்டுதான். முழு யூனிட்டை விட்டாலோ 20 போச்சு, அதற்கு மாற்று எந்த யூனிட்டிலும் கிடையாது.

இப்போது நேரக் கணக்கு. ஒன்றரை மணி நேரத்தை ஒரு சிட்டிங் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஆறு, ஆறு வாரத்துக்கு 36. கடைசி வாரத்தின் ஆறையும் கேள்வித்தாளுக்காக எடுத்து வைத்துவிடுங்கள், மீதி 30. இன்டர்னல் வாரத்தில் மற்ற பாடங்களும் நெருக்கும், மூன்று சிட்டிங் போய்விடும் என்று இப்போதே எழுதிவிடுவது நல்லது, மீதி 27. முதல் ஐந்து வாரங்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் படித்ததைச் சோதித்துப் பார்க்க, ஆக இன்னொரு ஐந்து போகும். புதிதாகப் படிக்கக் கையில் இருப்பது 22 சிட்டிங், அதாவது 33 மணி நேரம். 54 மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் நாலாவது வாரத்தில் தடுமாறுவது இந்த 21 மணி நேர வித்தியாசத்தால்தான்.

இந்த 22-ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் யூனிட்டுக்கு 5, இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நாலு நாலு, ஐந்தாவதுக்கு 3. பதினொரு தலைப்புக்கு மூன்று, ஐந்து தலைப்புக்கு நாலு என்பது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் கிராஃபில் ஐசோமார்ஃபிசம், கனெக்டிவிட்டி இரண்டுமே தனித்தனியாக ஒரு சிட்டிங் கேட்கும். நீங்கள் ஏற்கெனவே ஒரு யூனிட்டை இன்டர்னலுக்கு நன்றாகப் படித்திருந்தால் அதில் ஒன்றிரண்டைக் குறைத்து இரண்டாவது யூனிட்டுக்குக் கொடுங்கள்.

அடுத்தது வரிசை. சிலபஸில் அச்சிட்ட வரிசையிலேயே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எது எதற்குத் தேவை என்று பாருங்கள். முதல் யூனிட் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதில் மாற்றமில்லை. பூலியன் அல்ஜீப்ரா விதிகள் முதல் யூனிட்டின் லாஜிக் விதிகளையே ஒத்திருக்கும், டி மார்கன் விதி இரண்டிலும் உண்டு. லாட்டிஸ் ஹோமோமார்ஃபிசத்துக்கு நாலாவது யூனிட்டின் ஹோமோமார்ஃபிசம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கிராஃபோ யாரையும் நம்பி இல்லை, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது மறதியை. நாலும் ஐந்தும் தேற்றங்களும் நிரூபணங்களும் நிறைந்தவை. ஒரு தடவை புரிந்துவிட்டாலும் பத்து நாளில் நிரூபணத்தின் நடுவில் ஒரு படி மறந்துபோகும். அவற்றைக் கடைசி வாரத்தில் வைத்தால் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள், அச்சில் கடைசியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக.

முதல் வாரம் முதல் யூனிட்: லாஜிக்கும் ஈக்விவலன்ஸும் ஒரு சிட்டிங், நார்மல் ஃபார்ம் ஒன்று, ரூல்ஸ் ஆஃப் இன்ஃபரன்ஸ் ஒன்று, குவான்டிஃபையர் ஒன்று, நிரூபண முறைகள் ஒன்று.

இரண்டாவது வாரம் நாலாவது யூனிட்டின் நாலு சிட்டிங்: செமிகுரூப்பும் மோனாய்டும், குரூப்பும் சப்குரூப்பும், கோசெட்டும் லக்ராஞ்ச் தேற்றமும் நார்மல் சப்குரூப்பும், கடைசியில் ஹோமோமார்ஃபிசத்தோடு ரிங், ஃபீல்டு வரையறைகள். ஐந்தாவது சிட்டிங்கில் ரிலேஷன் பண்புகளும் போசெட்டும் ஹாஸே வரைபடமும்.

மூன்றாவது வாரம் இன்டர்னல் நெருக்கடி. மீதமிருக்கும் இரண்டு சிட்டிங்கில் லாட்டிஸ் பண்புகள் ஒன்று, பூலியன் ஒன்று. இரண்டாவது இன்டர்னலுக்கு சிலபஸின் பின்பாதி வருவதே வழக்கம் என்பதால், இதற்குள் முடித்த நாலும் ஐந்தும் அங்கேயும் கைகொடுக்க வாய்ப்பிருக்கிறது. உங்கள் கல்லூரியில் வேறு பகுதி என்றால் இந்த இரண்டு வாரத்தையும் மாற்றிப் போடுங்கள்.

நாலாவது வாரம் இரண்டாவது யூனிட்டின் ஐந்து சிட்டிங்: இன்டக்‌ஷன், எண்ணும் முறைகளோடு பெர்முடேஷன், பிஜன்ஹோல், ரிகரன்ஸ் ரிலேஷன், ஜெனரேட்டிங் ஃபங்ஷன். ஒரு நாளைக்கு ஒரு வகை, கலக்க வேண்டாம். ஐந்தாவது வாரம் மீதமுள்ள இன்க்ளூஷன் எக்ஸ்க்ளூஷனில் தொடங்கி, பிறகு கிராஃப் நாலு நாள். கிராஃபைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏதாவது ஒரு வாரம் தள்ளிப்போய் ஐந்தாவது வாரம் நெரிந்தால், படம் வரைந்து சீக்கிரம் பிடித்துக்கொள்ளக்கூடிய யூனிட் இதுதான்.

இவ்வளவு போட்ட பிறகும் திட்டம் வேலை செய்யாமல் போகும் ஒரு இடம் உண்டு. கட்டத்தில் "இன்க்ளூஷன் எக்ஸ்க்ளூஷன் படி" என்று எழுதினால், படித்தீர்களா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். களைத்த மனது எப்போதும் படித்தாயிற்று என்றுதான் சொல்லும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எதைச் செய்தால் அது முடிந்தது என்று ஒரு கணக்கை எழுதி வையுங்கள், விடையோடு. இந்த வரிக்கு நான் எழுதுவது: 1 முதல் 250 வரை உள்ள முழு எண்களில் 2, 3, 5, 7 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாலாவது வகுபடுபவை எத்தனை? புத்தகம் மூடியிருக்க வேண்டும், 15 நிமிடம், விடை 193.

15 நிமிடம் என்பது குத்துமதிப்பு இல்லை. மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், எட்டு மதிப்பெண்ணுக்கு 14 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனித்தனியாக வகுபடுபவை 125, 83, 50, 35, கூட்டினால் 293. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 41, 25, 17, 16, 11, 7, கூட்டினால் 117. மும்மூன்றாக 8, 5, 3, 2, ஆக 18. நாலும் சேர்ந்து 210 ஒன்றுதான். 293-இல் 117 கழித்து, 18 கூட்டி, 1 கழித்தால் 193. உங்களுக்கு வேறு விடை வந்தால், எங்கே தவறியது என்பதும் விடையிலேயே தெரியும். 192 வந்தால் எங்கோ ஒரு பின்னத்தைத் தவறாக உதறியிருப்பீர்கள். 194 வந்தால் கடைசி ஒன்றைக் கழிக்க மறந்திருக்கலாம். 175 வந்தால் மும்மூன்று படியையே விட்டிருக்கிறீர்கள்.

ரிகரன்ஸ் ரிலேஷனுக்கு இப்படி ஒன்று:

```
a(n) = 5a(n-1) - 6a(n-2),  a(0) = 2,  a(1) = 5
```

விடை `2^n + 3^n`. விடையைச் சரிபார்க்க மூன்றாவது உறுப்பைப் போட்டால் போதும்: சமன்பாட்டில் 25 கழித்தல் 12, அதாவது 13. விடையில் 4 கூட்டல் 9, அதுவும் 13. தேற்றங்களுக்கு விடை எண்ணாக இருக்காது, அதற்கு இப்படி எழுதலாம்: n முனைகளும் k துண்டுகளும் உள்ள எளிய கிராஃபில் அதிகபட்ச விளிம்புகள் `(n-k)(n-k+1)/2` என்று பார்க்காமல் நிரூபி. எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது.

சனிக்கிழமைச் சோதனைக்கு இந்தக் கட்டங்களிலிருந்தே ஐந்து எடுங்கள், மூன்று அந்த வாரத்தியது, இரண்டு பழைய வாரங்களிலிருந்து. முதல் வாரத்தில் மட்டும் ஐந்தும் அந்த வாரத்தியதுதான். ஐந்தில் மூன்றுக்குக் கீழே வந்தால் அடுத்த வாரத்தின் முதல் சிட்டிங் அந்தத் தலைப்புகளுக்குப் போகும். அப்போது புதுப் பாடம் ஒன்று தள்ளிப்போகுமே, அதற்கு எதை விடுவது? அதை அன்றைக்கு யோசிக்கக் கூடாது, இப்போதே எழுதி வைக்க வேண்டும். என் வெட்டுப் பட்டியல் இது: டைரக்ட் புராடக்ட், சப் பூலியன் அல்ஜீப்ரா, பூலியன் ஹோமோமார்ஃபிசம், வெல் ஆர்டரிங். நாலுக்கும் வரையறை மட்டும், முழுச் சிட்டிங் கிடையாது. உங்கள் ஐந்து தாள் எண்ணிக்கையில் இவற்றில் எதற்காவது கோடுகள் விழுந்திருந்தால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தொடாதீர்கள். விட்டுப்போனதை எல்லாம் ஞாயிறுக்குத் தள்ளுகிறவர்களின் திட்டத்தில் மூன்றாவது ஞாயிறில் ஒன்பது மணி நேரப் பாக்கி நிற்கும், அதோடு திட்டம் மூடப்படும்.

ஆறாவது வாரத்தின் ஆறு சிட்டிங்கில், இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று மணி நேரத் தாள் இரண்டு எழுதுங்கள், நடுவில் எழுந்திருக்காமல். ஐந்து தாள்களில் இதுவரை எண்ணிக்கைக்கு மட்டும் பார்த்து, போட்டுப் பார்க்காத இரண்டை இதற்காக ஒதுக்கி வையுங்கள். மீதி இரண்டு சிட்டிங், ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் ஒன்று, தவறியதைத் திருத்த மட்டும். மூன்றாவது தாள் எழுத வேண்டும் என்று ஆசை வரும். திருத்தாமல் எழுதும் மூன்றாவது தாளில் முதல் தாளின் தவறுகளே திரும்ப வரும், அதனால் நான் இரண்டோடு நிறுத்தச் சொல்வேன்.

இன்று மாலையே செய்ய வேண்டியது ஒன்றுதான். குரூப்பில் போட்டவரிடம் சிலபஸின் முழுப் பக்கங்களையும், குறியீடு வரியும் புத்தகப் பட்டியலும் தெரியும்படி, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் மறுபடியும் சுருக்கிவிடும், மறுபடியும் 943-தான் வரும்.